ஐந்து ரூபாவுக்குள் அடங்காத லொறிக் கூலி

2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்ச விலை அறிவித்தபோது நாட்டரிசியின் மொத்த விலை கிலோவுக்கு 225 ரூபா என்றும் சில்லறை விலை 230 ரூபா என்றும் நிர்ணயிக்கப்பட்டது. இடையில் இருந்தது ஐந்து ரூபா. அந்த நாட்களில் நெல் ஆலை முதலாளிகள் பதுக்குகிறார்கள், கடைக்காரர்கள் கூட்டி விற்கிறார்கள் என்றெல்லாம் நிறையவே பேசப்பட்டது. பேசியவர்களில் எத்தனை பேர் அந்த ஐந்து ரூபாவைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது தெரியாது. ஆலை வாசலில் ஏறுகின்ற மூடை கடை வாசலில் தானாக இறங்குவதில்லை. லொறிக் கூலி, இறக்கு கூலி, கிழிந்த மூடையில் கொட்டிப்போவது, சொப்பிங் பேக், மின்சாரப் பட்டியல் எல்லாமே அந்த ஐந்து ரூபாவுக்குள்தான் அடங்க வேண்டும். இவற்றில் மிகப் பெரியது லொறிக் கூலி. அதன் கணக்கைத் தெளிவாகப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கின் அடிப்படை மிக எளிது. ஏற்றிய தொன்னை ஓடிய கிலோமீற்றரால் பெருக்கினால் வருவது தொன்-கிலோமீற்றர். ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் தூரம் கொண்டுபோவது ஒரு தொன்-கிலோமீற்றர். பத்துத் தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோனாலும், ஒரு தொன்னைப் பத்துக் கிலோமீற்றர் கொண்டுபோனாலும் கணக்கில் அது பத்துத்தான். இதனை ஒரு தொன்-கிலோமீற்றருக்கான கூலியால் பெருக்கி, இறக்கு கூலியைத் தனியாகக் கூட்டினால் மொத்தம் வந்துவிடும்.

லொறிக் கூலி = தொன் × கிலோமீற்றர் × ஒரு தொன்-கிலோமீற்றருக்கான கூலி
மொத்தச் செலவு = லொறிக் கூலி + (மூடைகளின் எண்ணிக்கை × ஒரு மூடைக்கான இறக்கு கூலி)

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பொலன்னறுவையில் உள்ள ஓர் ஆலையிலிருந்து 25 கிலோ மூடைகள் 400 கொழும்புக்கு வருகின்றன. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகத் தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். கூலி ஒரு தொன்-கிலோமீற்றருக்கு 25 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண்ணே தவிர சந்தை விலை அல்ல. அது லொறிக்கு லொறி, மாதத்துக்கு மாதம் மாறும். 400 மூடைகள் 10,000 கிலோ, அதாவது பத்துத் தொன். 10 × 220 = 2,200 தொன்-கிலோமீற்றர். அதனை 25ஆல் பெருக்கினால் லொறிக் கூலி 55,000 ரூபா. மூடைக்கு 20 ரூபா வீதம் இறக்கு கூலி 8,000 ரூபா. ஆக மொத்தம் 63,000 ரூபா, கிலோவுக்கு 6 ரூபா 30 சதம்.

ஐந்து ரூபா இங்கேயே முடிந்துவிட்டது. ஆலை வாசலில் 225 ரூபாவுக்கு வாங்கி, தன் செலவில் லொறி பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுவந்து, 230 ரூபாவுக்கு விற்கும் கடைக்காரர் ஒவ்வொரு கிலோவிலும் 1 ரூபா 30 சதத்தை இழக்கிறார். பத்துத் தொன்னில் அது 13,000 ரூபா. ஆகவே மொத்த விலை என்று ஒரு எண் சொல்லப்படும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த விலை ஆலை வாசலுக்கா கடை வாசலுக்கா என்பதைத்தான். ஒரே 225 ரூபா, ஒருவருக்கு லாபமாகவும் மற்றவருக்கு நட்டமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. கிலோவுக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் மூடை எண்ணிக்கையே தேவையில்லை. தூரத்தைக் கூலியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும். 220 × 25 = 5,500, ஆயிரத்தால் வகுத்தால் 5 ரூபா 50 சதம். தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே மனதால் போட்டுவிடலாம். கணிதம் படிப்பிக்கும் எனக்கு ஒன்று விளங்குவதில்லை: கூட்டு வட்டியைத் தவறில்லாமல் செய்யும் பிள்ளைகள்கூட இந்தப் பெருக்கலில் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் மூடை எண்ணிக்கையை அப்படியே கிலோமீற்றரால் பெருக்கிவிடுவார்கள், அல்லது கிலோவைத் தொன்னாக்க நூறால் வகுத்துவிடுவார்கள். அலகைப் பக்கத்தில் எழுதாததால் வரும் தவறு இது. கடைகளிலும் இதே தவறு நடக்கிறது.

தொன் என்ற சொல்லிலேயே ஒரு சிறு வழுக்கல் உண்டு. எங்கள் பெரியவர்கள் அந்தரில் கணக்குப் பார்த்தவர்கள். ஓர் அந்தர் 112 இறாத்தல், கிட்டத்தட்ட 50.8 கிலோ. இருபது அந்தர் சேர்ந்த பழைய தொன் 1,016 கிலோ. இன்றைய மெட்ரிக் தொன் 1,000 கிலோ. இப்போது 50 கிலோ மூடையையே பலர் அந்தர் என்று சொல்வதால் நடைமுறையில் பெரிய சிக்கல் வருவதில்லை. ஆனாலும் பத்துத் தொன்னில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 160 கிலோ, அதாவது 25 கிலோ மூடைகள் ஆறுக்கும் மேல். தொன் என்று பேசாமல், இத்தனை கிலோ மூடை இத்தனை என்று பேசிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

அரிசியில் ஒரு வசதி இருக்கிறது. ஆலையில் நிறுத்துத் தைத்த மூடை என்பதால் எண்ணிக்கையைக் கொண்டே எடையைச் சொல்லிவிடலாம். பொலித்தீன் சாக்கின் எடை கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. நெல் அப்படியல்ல. வயலிலிருந்து வரும் நெல் மூடை ஒன்று போல் மற்றொன்று இருக்காது. ஈரம் இருந்தால் இன்னும் கனக்கும். நெல்லைத் தொன் கணக்கில் ஏற்றுவதானால் லொறியை வெறுமையாக ஒரு தடவையும் சுமையோடு ஒரு தடவையும் நிறுத்து, வித்தியாசத்தைத்தான் எடுக்க வேண்டும். நெல்லுக்குப் பேசிய முறையை அரிசிக்கும் அரிசிக்குப் பேசிய முறையை நெல்லுக்கும் போடுவதால் வரும் தகராறுகள் அதிகம்.

கிலோமீற்றரிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கூலி ஒருவழித் தூரத்துக்கா, போய்வரும் தூரத்துக்கா? பொதுவாகச் சரக்குடன் ஓடும் ஒருவழித் தூரத்துக்கே தொன்-கிலோமீற்றர் கணக்குப் போடப்படும். திரும்பிப் போகும் வெறும் ஓட்டத்தின் செலவு அந்த 25 ரூபாவுக்குள்ளேயே மறைந்திருக்கும். எவ்வளவு மறைந்திருக்கும் என்பது திரும்பும் லொறிக்குச் சரக்குக் கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. கொழும்புக்கு வந்த லொறி திரும்பும்போது சீமெந்தோ கோதுமை மாவோ ஏற்றிக்கொண்டு போகலாம். உள்ளூர்க் கிராமம் ஒன்றுக்குப் போன லொறிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் தூரம் குறைந்த கிராமத்துக்கு, தூரம் கூடிய கொழும்பைவிட அதிகக் கூலி கேட்கிறார்கள். கேட்டவுடன் அநியாயம் போலத் தோன்றும். லொறிக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் உண்டு.

இனி எனக்கு முக்கியமாகப்படும் விடயத்துக்கு வருகிறேன். தொன்னையும் கிலோமீற்றரையும் பெருக்கும் இந்தச் சூத்திரம், லொறி நிறைந்திருக்கிறது, நிறைந்தபடியே முழுத் தூரமும் ஓடுகிறது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. உண்மையில் சிறு கடைக்காரர்கள் யாரும் தனியாகப் பத்துத் தொன் எடுப்பதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு லொறி பிடிப்பார்கள். ஒருவருடையது நடுவழியில் இறங்கும், மற்றவருடையது கடைசி வரை போகும். அப்போது நடுவழியில் ஏற்படும் வெறுமைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. கூட்டாகச் சரக்கு எடுத்தவர்கள் மனஸ்தாபப்பட்டுப் பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதே லொறி, அதே 400 மூடைகள். இந்தத் தடவை மூன்று கடைக்காரர்கள். குருநாகலில் இருப்பவருக்கு மூன்று தொன், அதாவது 120 மூடைகள். ஆலையிலிருந்து தூரம் சுமார் 125 கிலோமீற்றர். வரக்காப்பொலயில் இருப்பவருக்கு இரண்டு தொன், 80 மூடைகள், சுமார் 165 கிலோமீற்றர். மீதி ஐந்து தொன், 200 மூடைகள், 220 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்கு.

ஒவ்வொருவருடைய தொன்-கிலோமீற்றரையும் தனித்தனியே பார்ப்போம். குருநாகல் 3 × 125 = 375. வரக்காப்பொல 2 × 165 = 330. கொழும்பு 5 × 220 = 1,100. மூன்றும் சேர்ந்து 1,805. அதை 25ஆல் பெருக்கினால் 45,125 ரூபா. ஆனால் லொறிக்காரர் 55,000 ரூபா கேட்கிறார்.

"என்ன நானா, நாங்கள் போட்ட கணக்கில் பத்தாயிரம் கூடுதலாக இருக்கிறதே" என்று கேட்டால் அவருடைய பதில் தயாராக இருக்கும்: "தம்பி, குருநாகலில் மூன்று தொன்னை இறக்கினீர்கள். அந்த இடத்துக்கு வேறு சரக்கு ஏற்றித் தந்தீர்களா?"

அவர் சொல்வது சரி. லொறி கொழும்பு வரை ஓடியே ஆக வேண்டும். குருநாகலில் இறங்கிய மூன்று தொன்னின் இடமும் வரக்காப்பொலயில் இறங்கிய இரண்டு தொன்னின் இடமும் வெறுமையாகத்தான் பயணம் செய்கின்றன. அந்த 9,875 ரூபா வெறும் இடத்தின் விலை. லொறிக்காரருடன் இதற்காகச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. மூவரும் தங்களுக்குள் எப்படிப் பகிர்வது என்பதுதான் பேச வேண்டியது.

வழமையாகச் செய்யப்படுவது எடைப்படி பிரிப்பது. 55,000 ரூபாவைப் பத்துத் தொன்னால் வகுத்தால் தொன்னுக்கு 5,500. குருநாகல்காரருக்கு 16,500, வரக்காப்பொலக்காரருக்கு 11,000, கொழும்புக்காரருக்கு 27,500. கணக்கு இலகு, தலையிடி இல்லை. ஆனால் 125 கிலோமீற்றர் போன அரிசிக்கும் 220 கிலோமீற்றர் போன அரிசிக்கும் கிலோவுக்கு ஒரே 5 ரூபா 50 சதம் விழுகிறது. குருநாகல்காரர் தன் மூன்று தொன்னைத் தனியே ஒரு சிறிய லொறியில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சிறிய லொறிக்குத் தொன்-கிலோமீற்றர் கூலி எப்போதும் கூடுதலாகவே இருக்கும். 40 ரூபா என்று வைத்தாலும் 375 × 40 = 15,000 ரூபாதான். கூட்டாக எடுத்ததால் அவருக்கு 1,500 ரூபா நட்டம். அடுத்த தடவை அவர் வரமாட்டார். மூன்று தொன் குறைந்த லொறியின் முழுக் கூலியும் மற்ற இருவரின் தலையில் விழும்.

தொன்-கிலோமீற்றர் விகிதப்படி பிரித்தால் இந்தக் கோணல் நிமிர்ந்துவிடும். மொத்தம் 1,805இல் ஒவ்வொருவருடைய பங்கு எவ்வளவோ, 55,000இலும் அதே பங்கு. வேறு விதமாகச் சொன்னால் 55,000ஐ 1,805ஆல் வகுத்து, வரும் 30 ரூபா 47 சதத்தை எல்லோருக்கும் பொதுவான கூலியாக எடுத்துக்கொள்வது. குருநாகல்காரர் 11,427 ரூபா, வரக்காப்பொலக்காரர் 10,055 ரூபா, கொழும்புக்காரர் 33,518 ரூபா. கிலோவுக்கு முறையே 3 ரூபா 81 சதம், 5 ரூபா 3 சதம், 6 ரூபா 70 சதம். வெறும் இடத்தின் விலையை மூவரும் தத்தமது பாவனைக்கு ஏற்பச் சுமக்கிறார்கள். கொழும்புக்காரருக்கு இது கசக்கும். ஆனால் அவரும் தன் ஐந்து தொன்னைத் தனியே கொண்டுவந்தால், நடுத்தர லொறிக்கு 35 ரூபா என்று வைத்தாலும் 1,100 × 35 = 38,500 ரூபா கொடுக்க வேண்டும். ஆகவே அவருக்கும் இதில் லாபமே.

குருநாகல்காரர் இதிலும் ஒரு படி மேலே போய் வாதாடலாம். என் சரக்கு இறங்கிய பிறகு லொறி வெறுமையாகப் போவது என் குற்றமா, கொழும்பு வரை போகச் சொன்னவர்தானே அதற்குப் பணம் தர வேண்டும் என்று கேட்கலாம். அப்படிப் பார்த்தால் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் செலவையும் அந்தத் துண்டில் லொறியில் இருந்தவர்கள் மட்டும் பகிர வேண்டும். அவருக்கு 9,375 ரூபாவும், கொழும்புக்காரருக்கு 36,518 ரூபாவும், மீதி வரக்காப்பொலக்காரருக்கும் வரும். இதுவும் பிழையான முறையல்ல. கொழும்புக்காரருக்குத் தனியே கொண்டுவருவதைவிட இதுவும் குறைவுதான். ஆனால் பத்துத் தொன் லொறி பிடிக்க முடிந்ததே மூவரும் சேர்ந்ததால்தான் என்பதால், விகித முறையே எனக்கு நியாயமாகப்படுகிறது. எதை எடுத்தாலும் சரக்கு ஏறுவதற்கு முன் மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு பேசினால் ஒவ்வொருவரும் தனக்குக் குறைவாக வரும் முறையைத்தான் நியாயம் என்பார்.

இறக்கு கூலிக்கும் தூரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 220 கிலோமீற்றர் வந்த மூடையும் இரண்டு கிலோமீற்றர் வந்த மூடையும் தோளில் ஒரே கனம்தான். ஆகவே நெடுந்தூரச் சரக்கில் அது சிறு தொகையாகத் தெரியும்; கிட்டிய தூரத்தில் அதுவே பெரிய செலவாகிவிடும். ஆலையிலிருந்து 20 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள கடைக்குப் பத்துத் தொன் போகிறது என்றால் சூத்திரப்படி லொறிக் கூலி 10 × 20 × 25 = 5,000 ரூபா. இறக்கு கூலி அதே 8,000 ரூபா. 5,000 ரூபாவுக்கு எந்த லொறிக்காரரும் அரை நாளைச் செலவழிக்க வரமாட்டார். எனவே கிட்டிய ஓட்டங்களுக்குத் தொன்-கிலோமீற்றர் கணக்கை விட்டுவிட்டு, ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அந்தச் சூத்திரம் அவ்வளவு கிட்டிய தூரத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

மூடையின் அளவும் இங்கே பேசும். பத்துத் தொன் அரிசி 50 கிலோ மூடையாக வந்தால் 200 தடவை தூக்க வேண்டும்; 25 கிலோவாக வந்தால் 400 தடவை; பத்துக் கிலோ பைகளாக வந்தால் ஆயிரம். கூலி மூடைக்கணக்கில் பேசப்படுவதால் மூடை சிறுக்கச் சிறுக்கத் தொன்னுக்கான இறக்கு கூலி பொதுவாகக் கூடும். அதற்காக 50 கிலோவையே கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தூக்குபவரின் முதுகெலும்பும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியதே. கொழும்பில் நாட்டாமை என்று அழைக்கப்படும் சுமை தூக்குவோரில் நாற்பது வயதுக்குள் முதுகு வளைந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மூடைக்கு 20 ரூபா என்று பேசும்போது எங்கிருந்து எங்கே என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். லொறியின் பின்கதவிலிருந்து கடை வாசல் வரையா, உள்ளே களஞ்சியத்தில் அடுக்கும் வரையா? ஒழுங்கைக்குள் லொறி நுழையாவிட்டால் பிரதான வீதியிலிருந்து தூக்கி வர யார் பணம் கொடுப்பது? மாடியில் களஞ்சியம் என்றால்? இவை எதுவுமே தொன்-கிலோமீற்றர் கணக்குக்குள் வராது. ஆனால் கடை வாசலில் சத்தம் போடப்படுவது இவற்றுக்காகத்தான். ஆள் வரும்வரை லொறி காத்து நின்றால் அதற்கும் ஒரு தொகை கேட்பார்கள். எத்தனை மணித்தியாலம் வரை இலவசம் என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பல இடங்களில் இறக்கும் சரக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடைசியில் இறங்குவது முதலில் ஏற வேண்டும். கொழும்பு மூடைகள் சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் முன்பக்கத்திலும், குருநாகல் மூடைகள் பின்கதவோரத்திலும் இருக்க வேண்டும். மாறி ஏற்றிவிட்டால் குருநாகலில் கொழும்பு மூடைகளை இறக்கி, மற்றதை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கு கூலி இரட்டிப்பாகும், மூடையும் கிழியும். மூவரும் வெவ்வேறு வகை அரிசி எடுத்திருந்தால் மாறி இறங்கிவிடும் அபாயமும் உண்டு. ஆலையில் ஏற்றும்போது ஒருவர் நின்று பார்ப்பதற்கான பேருந்துச் செலவு வீண்போகாது.

பட்டியல் கைக்கு வந்ததும் சரிபார்ப்பதற்குத் தலைகீழ் வகுத்தல் ஒன்றே போதும். 66,000 ரூபா என்று ஒரே தொகையாக எழுதியிருக்கிறது என்று வைப்போம். 2,200ஆல் வகுத்தால் 30 ரூபா. பேசியது 25. உடனே கூலியைக் கூட்டிவிட்டார் என்று முடிவுக்கு வரக்கூடாது. அதற்குள் 8,000 ரூபா இறக்கு கூலியும் 3,000 ரூபா காத்திருப்புக் கட்டணமும் இருந்தால் லொறிக் கூலி அதே 55,000தான். பிரித்து எழுதித் தரும்படி கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பிரித்து எழுத மறுப்பவரிடம்தான் சந்தேகப்பட வேண்டும்.

கூலியைக் கூட்டும்போது சொல்லப்படும் முதற்காரணம் டீசல். அதையும் கணக்கால் அளந்து பார்க்கலாம். நமது லொறி லீற்றருக்குச் சராசரியாக நான்கு கிலோமீற்றர் ஓடுவதாக எடுத்துக்கொள்வோம். போய்வர 440 கிலோமீற்றர் என்றால் 110 லீற்றர் தேவை. டீசல் லீற்றருக்கு 20 ரூபா கூடினால் அந்த ஓட்டத்தின் செலவு 2,200 ரூபா கூடும். நமது சரக்கும் 2,200 தொன்-கிலோமீற்றர்தான். ஆகவே டீசலில் 20 ரூபா உயர்வு, தொன்-கிலோமீற்றருக்கு சரியாக ஒரு ரூபா. 25 ரூபா 26 ஆகலாம். 28 ஆனால் மேலதிக இரண்டு ரூபாவுக்கு வேறு காரணம் சொல்லப்பட வேண்டும். டயர், உதிரிப்பாகம், லீசிங் தவணை என்று உண்மையான காரணங்களும் இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். டீசல் இறங்கும்போது இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்ய வேண்டும். விலை ஏறும்போது மட்டும் சூத்திரம் நினைவுக்கு வருவது நம் நாட்டில் எல்லா வியாபாரத்திலும் உள்ள நோய்.

2022ஐ எவரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. உயர்வு 339 ரூபா. நமது உதாரண லொறியின் 110 லீற்றருக்கு 37,290 ரூபா. பத்துத் தொன்னுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 3 ரூபா 73 சதம். பொலன்னறுவையிலிருந்து கொழும்புக்கு அரிசி கொண்டுவருவதில் டீசலால் மட்டும் ஏற்பட்ட உயர்வு அவ்வளவுதான். அந்த மாதங்களில் அரிசி கிலோவுக்கு எவ்வளவு கூடியது என்பது கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். லொறிக் கூலியால்தான் விலை ஏறியது என்று அன்று சொன்னவர்களிடம் இந்த 3 ரூபா 73 சதத்தைக் காட்டியிருக்கலாம்.

செலவைக் குறைக்க இன்னொரு யோசனையைச் சாரதிமார் அடிக்கடி சொல்வார்கள். பத்துத் தொன் லொறியில் பன்னிரண்டு ஏற்றிவிடலாம், கூலி பழையதுதான் என்பார்கள். கிலோவுக்கு ஒரு ரூபா அளவில் மிச்சம் வரும் என்பது உண்மை. லொறி எவ்வளவு தாங்கும் என்பது அதன் பதிவு ஆவணத்திலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வரும். அதற்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. டயர் வெடித்து லொறி வீதியோரத்தில் நின்றால், மூடைகளை வேறு லொறிக்கு மாற்றும் செலவும் மழையில் நனையும் அரிசியும் அந்த மிச்சத்தைப் போல் பல மடங்கு. பொலிஸ் தண்டப்பணத்தை நான் இங்கே சேர்க்கவில்லை.

மீண்டும் அந்த ஐந்து ரூபாவுக்கு வருவோம். அதில் இறக்கு கூலி கிலோவுக்கு 80 சதம். மீதி 4 ரூபா 20 சதம். ஒரு தொன்னுக்கு அது 4,200 ரூபா. தொன்-கிலோமீற்றருக்கு 25 ரூபா வீதம் அந்தப் பணத்துக்கு லொறி 168 கிலோமீற்றர் ஓடும். பொலன்னறுவையில் ஏறிய மூடை, லாபம் என்று ஒரு சதமும் வைக்காமல், வரக்காப்பொலயைத் தாண்டி மூன்று கிலோமீற்றர் வரை வரலாம். கொழும்புக்கு இன்னும் 52 கிலோமீற்றர் இருக்கிறது.